குறுக்கும் நெடுக்கும்

அந்த வாரம் ஹெலினா யாரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. காலையில் அம்மாவோடு சண்டை, மத்தியானம் ஆபீஸ்காரர்களோடு போனில் சண்டை, சாயங்காலம் மெக்கானிக் கோபிக்குப் போன் போட்டு, தான் மறுபடி கார் ஓட்ட வழி உண்டா என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். சனிக்கிழமை பொழுது விடிந்ததும் திருமுல்லைவாயில் வீட்டு வாசலுக்கு ஆட்டோவை வரவழைத்துவிட்டாள். ஆட்டோக்காரரும் எதிர்வீட்டு எத்திராஜும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவளைத் தூக்கி உட்காரவைத்தார்கள். தூக்கும்போது இடது தோள் சுரீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். மடக்கிய வீல்சேரை ஆட்டோவின் பின்னால் கயிறு போட்டுக் கட்டினார்கள்.

சென்னீர்குப்பத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் கோபியின் ஷெட் இருந்தது. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பந்தயம் ஓட்டுகிறவர்கள் வண்டியைத் தயார்செய்ய அவனிடம்தான் விடுவார்கள். ஹெலினாவும் ஒரு காலத்தில் அங்கே பாதி ஆள். வாரநாளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் தயாரிக்கிற கம்பெனியில் டிசைன் வேலை. விடுமுறை நாளில் இந்த ஷெட்டில் கையெல்லாம் கிரீஸ். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது ஒரு லாரி இடித்தது. முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே எதுவும் அசையாது. இடது தோளும் உடைந்து கூடியது.

கோபி கொடுத்த டீயை வாங்கி டூல் டிராலி மேல் வைத்துவிட்டுச் சொன்னாள். "சீட்ட கழட்டு."

"எந்த சீட்ட?"

"மஞ்ச வண்டியோட டிரைவர் சீட்ட. நான் இந்த சேரோடவே உள்ள போவணும். பிரேக்கும் கிளட்சும் ஆக்சிலேட்டரும் கையால இயக்குற மாதிரி லீவர் வெச்சிக்கலாம். அத நான் வரைஞ்சிட்டேன்."

கோபி தலையைச் சொறிந்தான். மஞ்சள் வண்டி ஷெட்டின் மூலையில் நான்கு ஸ்டாண்டின் மேல் நின்றது. நீளமான மூக்கு வைத்த பழைய கார். அதை இருவரும் சேர்ந்து பிரித்து, மறுபடி கட்டியிருந்தார்கள். அப்போதும் ஒரு சண்டை நடந்தது. ஏதாவது ஒரு சின்னக் காரின் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒரே மூட்டையாகக் கழற்றி வந்து, பின்னால் குறுக்காக மாட்டி, பின்சக்கரத்தை ஓட்டலாம் என்றான் கோபி. சீக்கிரம் முடியும், நிறைய பேர் அப்படி நல்ல ஸ்போர்ட்ஸ் கார் செய்திருக்கிறார்கள் என்றான். ஹெலினா ஒப்புக்கொள்ளவில்லை. இன்ஜின் முன்னால்தான், நெடுக்காகத்தான் என்று பிடிவாதமாக நின்றாள். பின்னொரு நாள் இதைவிடப் பெரிய இன்ஜின் கிடைத்தாலும் நெடுக்கில் இடம் இருக்கும் என்பது அவள் கணக்கு. கடைசியில் தகரத்தை வெட்டி, இன்ஜினை முன்சக்கரங்களின் அச்சுக்குப் பின்னால் தள்ளி உட்காரவைத்தார்கள். பாரம் முன்னுக்கும் பின்னுக்கும் ஏறக்குறைய பாதிப் பாதியாகப் பிரிந்தது. முன்சக்கரத்துக்குத் திரும்புகிற வேலை மட்டும். தள்ளுகிற வேலை பின்சக்கரத்துக்கு. டிராக்கில் அந்த வண்டி வளைவுக்குள் நுழைகிற விதத்தைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள்.

கோபி சீட்டைக் கழற்றி வெளியே வைத்தான். அளவுநாடாவை எடுத்தான். ஹெலினா வீல்சேரைக் கதவருகே கொண்டுவந்து, "நான் சொல்றேன், நீ அள" என்றாள். ஆனால் அளக்கத் தேவையிருக்கவில்லை. திறந்த கதவு வழியாகப் பார்த்தாலே தெரிந்தது. கியர்பாக்ஸ் இரண்டு சீட்டுக்கும் நடுவில் பன்றி படுத்திருப்பது மாதிரிப் படுத்திருந்தது. அதை மூடிய தகரக் கூண்டு அங்கிருந்து பின்சீட்டு வரைக்கும் ஓடியது. அதற்குள்தான் பின் ஆக்சிலுக்குப் போகிற ஷாப்ட் சுழலும். கூண்டுக்கும் கதவுக்கும் இடையில் ஒல்லியான மனிதர் உட்காரலாம். சேர் நுழையாது.

"கூண்ட வெட்டு" என்றாள்.

"வெட்டிட்டு ஷாப்ட எங்க வுட்றது?"

"அப்ப கூண்டுக்கு மேல தரைய போடு. நான் மேல உக்காந்துக்கிறேன்."

"தல கூரைல இடிக்கும் ஹெலினா. கூரையில ஓட்ட போட்டு தலைய வெளில நீட்டிகினு போவியா?"

அவள் சிரிக்கவில்லை. "இன்ஜின குறுக்க திருப்பி வை. முன் சக்கரத்த ஓட்டட்டும். நடுவுல ஷாப்ட் வேணாம்."

கோபி பானட்டைத் தூக்கி நிறுத்தினான். அவள் தெரிந்துதான் கேட்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னான். "இந்த கியர்பாக்ஸு இன்ஜினுக்கு வாலு மாதிரி கீது. குறுக்க திருப்புனா வாலு போய் மட்கார்டுல முட்டும். வேற கியர்பாக்ஸ் வேணும், அதுக்குள்ளயே டிஃப்ரன்ஷியல் இருக்கணும். அப்பவும் இந்த இன்ஜினும் அந்த கியர்பாக்ஸும் தலையும் வாலுமா ரெண்டு சேஸிஸ் கட்டைக்கு நடுவுல அடங்காது. எல்லாத்தையும் வெட்டணும். வெட்டி முடிச்சா அது மஞ்ச வண்டியா?"

ஹெலினா சேரைத் திருப்பிக்கொண்டு ஷெட்டின் ஓரமாகப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். அப்போதுதான் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த இன்னொரு வண்டி கண்ணில் பட்டது. பின்பக்கம் நசுங்கியிருந்தது. பெட்டி மாதிரி உயரமான சின்னக் குடும்பக் கார். சாம்பல் நிறம்.

"இது யாரோட வண்டி?"

கோபி கொஞ்ச நேரம் ஸ்பானரைத் துடைத்தான். "உனக்குத்தான் எடுத்து வெச்சேன். ஆட்டோமேட்டிக். பின்னாடி ஒருத்தன் இட்ச்சிட்டான், முன்னாடி ஒண்ணும் ஆகல. இன்ஜின் குறுக்க கீது. தரை மட்டமா கீது. வெட்டி எறக்குனா சேரோட போலாம்னு தோணிச்சி."

"நாலு பேரு குடும்பம், ரெண்டு பை காய்கறி, பின்னாடி ஒரு ஸ்டிக்கர். அதுதானே?"

"ஹெலினா."

"இந்த மாதிரி வண்டி வளைவுல எப்டி போவும்னு உனக்குத் தெரியாதா? மொத்த பாரமும் மூக்குல. இழுக்கறதும் முன்சக்கரம், திருப்பறதும் முன்சக்கரம். கொஞ்சம் வேகமா போனா திரும்பவே திரும்பாது, நேரா போய் வேலியில முட்டும். எனக்கு இத காட்டறியா நீ?"

"ரேஸு ஓட்றதுக்கு காட்டல. ஆபீஸு போறதுக்கு காட்டறேன்."

அவள் போனை எடுத்து ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

*

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கூடத்தில் சேரைக் குறுக்கும் நெடுக்குமாக உருட்டிக்கொண்டே இருந்தாள். ரயில் வரும் சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போவாள். ஜன்னலில் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். அவள் அம்மா ஞானகுமாரி சாப்பாட்டுத் தட்டோடு பின்னாலேயே நடந்தார்.

"கொஞ்ச நேரம் ஒரு எடத்துல இரேன்டி."

"ரெண்டு வருஷமா ஒரே எடத்துலதாம்மா இருக்கேன்."

விபத்துக்குப் பிறகு அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. ஆபீஸில் புது மவுண்ட் ஒன்றைச் சோதனை மேடையில் ஏற்றியிருந்தார்கள். ஒரு சின்னக் காருக்கான மவுண்ட். குறுக்காக வைத்த இன்ஜின் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது முன்னும் பின்னுமாக ஆடும். நெடுக்காக வைத்தது இடமும் வலமுமாக உருளும். ஆட்டம் எந்தத் திசையில் என்பதைப் பொறுத்துத்தான் ரப்பரின் கடினம் எங்கே, ஓட்டை எங்கே என்று அவள் வரைவாள். திரையில் வரும் கோடுகள் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் காட்டின. ஆனால் ஓடும் இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்காமல் அவளால் ஒன்றும் சொல்லமுடியாது. வீடியோ காலில் காட்டுகிறோம் என்றார்கள். வீடியோவில் நடுக்கம் தெரியாது என்றாள். அப்படியானால் நேரில் வாங்க மேடம் என்றார்கள், நல்ல எண்ணத்தோடுதான். நேரில் போக நான்கு கை வேண்டும். போகும்போது தூக்க, வரும்போது தூக்க. தோள் இனிமேல் அந்த இழுப்பைத் தாங்காது, மறுபடி கழன்றால் சேரைத் தள்ளக்கூட முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சேரிலிருந்து கார் சீட்டுக்குக் கையை ஊன்றித் தாவுகிற வித்தையெல்லாம் அவளுக்கு இல்லை என்று அவர் சொன்னதை மட்டும் அவள் நம்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை மறுபடி சென்னீர்குப்பம் போனாள். கோபி சாம்பல் வண்டியை லிப்டில் ஏற்றி உயரத்தில் நிறுத்தியிருந்தான். அதைப் பார்க்காத மாதிரி கடந்துபோய் மஞ்சள் வண்டியருகே நின்றாள். டிரைவர் சீட்டை அவன் திரும்ப மாட்டிவைத்திருந்தான்.

"பூந்தமல்லி வரைக்கும் போய் போல்ட்டு வாங்கிகினு வர்றேன். எதுனா வேணுமா?" என்றான்.

"வேணாம். போய்ட்டு வா."

அவன் பைக் சத்தம் ஹைவேயில் கலந்த பிறகு, சேரைக் கார்க் கதவை ஒட்டி நிறுத்திப் பிரேக் போட்டாள். வலது கையைக் கதவு ஓரத்தில் பிடித்து, இடது கையைச் சேரில் ஊன்றி, உடம்பைத் தூக்கினாள். ஒரு கணம் தூக்கிவிட்டாள். சீட்டின் ஓரம் இடுப்பருகே வந்தது. அப்புறம் தோள் விட்டது.

விழுந்தது பெரிய சத்தமாக இல்லை. சேர் வழுக்கிப் பின்னால் போனது. அவள் காருக்கும் சேருக்கும் நடுவில் சரிந்து, சிமெண்டுத் தரையில் மல்லாக்கக் கிடந்தாள். போன் சேரின் பையில், கைக்கு எட்டாத உயரத்தில். தோள் நெருப்பாக எரிந்தது. முதலில் அழுகை வந்தது, கோபம் வந்தது, இரண்டும் ஓய்ந்தபோது, வேறு எதுவும் பார்க்க இல்லாததால், தலையைத் திருப்பி மஞ்சள் வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தாள்.

அவளே மாட்டியது எல்லாம். இன்ஜினின் பின்முகம், கியர்பாக்ஸ், அதன் வாலிலிருந்து புறப்படும் ஷாப்ட். அது வண்டியின் நடுமுதுகில் ஓடி, பின்னால் பூசணிக்காய் மாதிரி உருண்ட டிஃப்ரன்ஷியலில் போய்ச் சேர்ந்தது. நெடுக்காக வரும் சுழற்சியை அங்கேதான் பல்சக்கரம் பிடித்துத் திருப்பி இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் அனுப்ப வேண்டும். முன்னாலிருந்து பின்வரை, வயிறு முழுக்க இரும்பு. அழகாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குக்கூட இடம் இல்லை.

தலையை மறுபக்கம் திருப்பினாள். லிப்டின் மேல் சாம்பல் வண்டி. அதன் வயிறு அண்ணாந்து பார்க்கக் கிடைத்தது. மூக்குக்குள் இன்ஜினும் கியர்பாக்ஸும் தோளோடு தோள் ஒட்டிக் குறுக்காக உட்கார்ந்திருந்தன. இன்ஜின் எந்தப் போக்கில் சுற்றுகிறதோ அதே போக்கில்தான் சக்கரமும் சுற்றும். எதையும் திருப்பிவிட வேண்டியதில்லை. கியர்பாக்ஸின் வயிற்றிலிருந்து குட்டையாக ஒரு ஷாப்ட், நீளமாக ஒரு ஷாப்ட், ஆளுக்கொரு சக்கரத்துக்கு. அவ்வளவுதான். வண்டியை ஓட்டுகிற வேலை மொத்தமும் முன்சக்கரத்தோடு முடிந்துவிட்டது. அதற்குப் பின்னால் ஒரு சைலன்சர் பைப், பெட்ரோல் டேங்க், பின்சக்கரங்களை இணைக்கும் ஒரு பீம். மற்றதெல்லாம் வெறும் தகரத் தரை.

சின்னக் காரை ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டால் தூக்கத்தில்கூட பதில் சொல்வாள். மூக்கு குட்டையாகும், உள்ளே இடம் மிஞ்சும், ஒரே மூட்டையாகக் கோத்து மாட்டிவிடலாம், செலவும் குறையும். அந்த இடம் என்பதை அவள் எப்போதும் காய்கறிப் பைக்கான இடமாகத்தான் நினைத்திருந்தாள். இப்போது தரையில் கிடந்தபடி, அந்தத் தகரத்தில் எங்கே வெட்டலாம், டேங்க்கை எந்த ஓரத்துக்கு ஒதுக்கலாம், பீமை எடுத்துவிட்டுப் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கை வைத்தால் நடுவில் எவ்வளவு அகலம் கிடைக்கும் என்று கண்ணாலேயே கோடு போட ஆரம்பித்தாள். கண்ணில் நீர் காய்ந்து இழுத்தது. தோள் இன்னும் எரிந்தது.

கோபி திரும்பி வந்தபோது போல்ட்டுப் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "இன்னா ஆச்சி? எவ்ளோ நேரமா இப்டி கீற?"

"தூக்காத. மொதல்ல அந்த லைட்ட எடுத்து மேல காட்டு."

"அடி பட்டிருக்கா பாரு மொதல்ல."

"தோள்தான். அது எங்கயும் போவாது. அந்த பீமு எத்தன போல்ட்டுல நிக்குது, பாரு."

அவன் அவளை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு லைட்டை எடுத்துவந்து மேலே பிடித்தான்.

*

தோளைக் கட்டிப்போட்டு டாக்டர் கண்டித்தார். கட்டோடு வீட்டிலிருந்தே வரைந்தாள். வண்டியை மாற்றியமைக்க ஆர்டிஓவில் முதலிலேயே அனுமதி வாங்கினார்கள். அது வருவதற்குள் அவள் கோபிக்குப் போன் போட்டு அவன் உயிரை வாங்கினாள். அப்புறம் வெட்ட ஆரம்பித்தார்கள்.

டிக்கி கதவிலிருந்து டிரைவர் இடம்வரை தரையை அகலமாக வெட்டி எடுத்து, ஒரு சாண் கீழே இரும்புச் சட்டம் வைத்துப் புதுத் தரை போட்டார்கள். அப்படி இறக்கினால்தான் சேரில் உட்கார்ந்த தலை கூரையில் இடிக்காது, கண்ணும் கண்ணாடிக்கு நேராக வரும். சைலன்சர் பைப் ஓரமாகப் போனது. டேங்க் ஒரு பக்கம் ஒடுங்கியது. பீமை எடுத்துவிட்டுப் பின்சக்கரங்களுக்குத் தனித்தனிக் கை வைத்தார்கள். பின்னால் மடங்கும் சாய்தளம். டிரைவர் இடத்தில் சேரைக் கவ்விப் பிடிக்க ஒரு பூட்டு. தரை இறங்கியதால் அம்பத்தூர் வேகத்தடைகளில் வயிறு தட்டும் என்று கோபி பயந்தான். ஸ்பிரிங்கை மாற்றி உடம்பை உயர்த்தினார்கள்.

இடையில் ஒருநாள் பவித்ரா வந்தாள். பல் டாக்டர், பூந்தமல்லியில் கிளினிக். போன வருடத்திலிருந்து கோபியிடம் வண்டியை விட்டுப் பந்தயம் ஓட்டுகிறாள். மஞ்சள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அக்கா, இத அடுத்த மாசம் டிராக்குக்கு எடுத்துட்டுப் போவட்டுமா? என் வண்டி முன்சக்கரம் இழுக்கறது. எவ்வளவு பண்ணியும் வளைவுல வெளியே வெளியே போவுது."

"வேணாம்" என்றாள் ஹெலினா. காரணம் சொல்லவில்லை.

முதல் ஓட்டம் வெளிவட்டச் சாலையில். விடிகாலை, லாரிகள் குறைவு. கோபி பக்கத்து சீட்டில். ஹெலினா சாய்தளத்தில் தானே ஏறி, உள்ளே உருண்டு போய், பூட்டு விழும் சத்தத்தைக் கேட்டாள். ஒரு கையில் லீவர். இழுத்தால் வேகம், தள்ளினால் பிரேக். இன்னொரு கை ஸ்டியரிங்கில் பொருத்திய குமிழைப் பிடித்திருந்தது. லீவரை இழுத்தாள். வண்டி மூக்கை லேசாகத் தூக்கிக்கொண்டு புறப்பட்டது. யாரும் தூக்காமல் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு அவள் போய்க்கொண்டிருந்தாள்.

சாலை காலியானதும் லீவரை முழுக்க இழுத்தாள். ஸ்டியரிங் கையில் ஒரு பக்கமாகச் சுண்டியது. கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு இல்லை. ஆனால் ஒரே கையால் பிடித்துக்கொண்டிருந்ததில் அந்த இழுப்பு மணிக்கட்டில் தொடங்கித் தோள்வரை ஏறியது. மறுபடி இழுத்தாள். மறுபடி சுண்டியது. ஓரமாக நிறுத்தினாள்.

"இது சரிப்படாது" என்றாள்.

"எல்லா முன்சக்கர வண்டியிலயும் அப்டித்தான். ரெண்டு கையால புடிச்சா தெரியாது."

"எனக்கு ஒரு கைதான இருக்கு ஸ்டியரிங்குக்கு. ஒரு ஷாப்ட் குட்ட, ஒண்ணு நீளம். சக்கரத்துக்குப் போற கோணம் வேற வேற. வேகமா இழுக்கும்போது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுக்காது. அது ஸ்டியரிங்ல வருது. ரெண்டு ஷாப்டையும் ஒரே நீளமாக்கணும்."

"கியர்பாக்ஸ் ஒரு ஓரத்துல கீது. எப்டி ஒரே நீளம் ஆவும்?"

"நீளமான பக்கத்துல நடுவுல ஒரு துண்டு ஷாப்ட். இன்ஜின் உடம்புல ஒரு பிராக்கெட், அதுல பேரிங். அந்தத் துண்டு நேரா சுத்தும், ஆடாது. அதோட முனையிலேர்ந்து சக்கரம் வரைக்கும் போற ஷாப்ட் மறுபக்கத்து குட்டை ஷாப்ட் அளவே இருக்கும். சக்தி அதிகமான இன்ஜின்ல எல்லாம் வெச்சிருக்கான்."

"ஆபீஸு போற வண்டிக்கு இதெல்லாமா?"

"ஆபீஸுக்கு மட்டும் போறவளா நான்?"

கோபி சிரித்தான். முன்சக்கர வண்டியா என்று கோபித்துக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டவள், இப்போது அதற்குப் பந்தயக்காரத்தனமாகத் துண்டு ஷாப்ட் கேட்கிறாள்.

துண்டு ஷாப்ட்டை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் கடைந்து, பல் வெட்டி, சூடேற்றிப் பதம் போட்டு வாங்கினார்கள். பிராக்கெட்டை ஹெலினாவே வரைந்தாள். முதல் பிராக்கெட் நடுங்கியது, தூக்கிப் போட்டாள். இரண்டாவது பரவாயில்லை. மாட்டிய பிறகு அதே சாலையில் அதே இடத்தில் லீவரை இழுத்தாள். ஸ்டியரிங் லேசாக முணுமுணுத்தது, சுண்டவில்லை. இன்னொரு தடவை போகலாம் என்றாள். அப்புறம் இன்னொரு தடவை. பெட்ரோல் விளக்கு எரியும்வரை கோபியை இறங்கவிடவில்லை.

*

திங்கட்கிழமை அம்பத்தூருக்குத் தனியாகப் போனாள். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தெரு திரும்பும்வரை கண்ணாடியில் தெரிந்தார். ஆபீஸ் வாசலில் நிறுத்த வந்தவள், நிறுத்தாமல் எஸ்டேட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். பிறகு சாய்தளத்தை இறக்கினாள். சோதனை மேடையில் ஓடிய இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தாள். அடியில் இருக்கும் மவுண்ட் ரொம்ப இளகல், முன்பின் ஆட்டத்தைப் பிடிக்கவில்லை என்று சொன்னாள். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மத்தியானம்வரை வாதாடினாள். நன்றாக இருந்தது.

அன்றிரவே பவித்ராவுக்கு மெசேஜ் அனுப்பினாள். மஞ்சள் வண்டியை எடுத்துக்கொள், ஆனால் நான் சொல்கிறபடி ஓட்டவேண்டும்.

பந்தயத்துக்கு முந்தைய பயிற்சி நாள், இருங்காட்டுக்கோட்டைக்குத் தானே வண்டி ஓட்டிப் போனாள். கோபி மஞ்சள் வண்டியை லாரியிலிருந்து இறக்கி டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். பவித்ரா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்தாள். ஸ்டார்ட் செய்ததும் பழைய வண்டி இடமும் வலமுமாக ஒரு உதறு உதறியது. அந்த உதறலை ஹெலினா தன் முதுகில் உணர்ந்தாள், உணர்வு இருக்கும் இடம்வரைக்கும்.

முதல் சுற்றில் பவித்ரா மெதுவாகப் போனாள். மூன்றாம் சுற்றில் நீண்ட வளைவுக்குள் நன்றாக நுழைந்தாள். அங்கே பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலைப் படக்கென்று எடுத்தாள். பின்பக்கம் கழன்று, வண்டி பம்பரம் மாதிரிச் சுற்றிப் புல்லில் போய் நின்றது. ஒன்றும் ஆகவில்லை. வண்டிகள் ஒதுங்கி நிற்கும் பிட் பகுதிக்குத் திரும்பியவள் இறங்காமல் கண்ணாடியை இறக்கினாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, இது என் வண்டி மாதிரி இல்ல."

"இல்ல. உன் வண்டியில கால எடுத்தா மூக்கு உள்ள வந்து காப்பாத்தும். இதுல வளைவு நடுவுல படக்குனு கால எடுத்தா பாரம் முன்னாடி வந்துடும், பின்சக்கரம் பிடி விட்டுடும். வளைவுக்கு முன்னாடியே வேகத்த கொற. உள்ள போனப்பறம் கொஞ்சம் கொஞ்சமா மிதி, பின்னாடி உக்காரும். அது தள்ளும், நீ திருப்பு மட்டும்."

"நீங்க இத எப்டி ஓட்டுனீங்க?"

ஹெலினாவுக்கு எரிச்சல் வந்தது. இந்தப் பெண்ணின் இரண்டு காலும் அந்தப் பெடல்களின் மேல் இருக்கின்றன, கேள்வி மட்டும் கேட்கிறாள் என்று நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்படவும் இல்லை. "ரெண்டு வருஷம் சுத்திச் சுத்தி நின்னேன்" என்றாள். "போ, மறுபடி போ."

பவித்ரா போனாள். ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு அந்த வளைவில் வண்டி சரியாக உட்கார்ந்து வெளியேறியது. ஹெலினாவின் வலது கை, இல்லாத ஸ்டியரிங்கைக் காற்றில் தானாகத் திருப்பியது. கோபி பக்கத்தில் வந்து நின்றான்.

"பாக்க நல்லாத்தான் கீது இல்ல?"

"பாக்க முடியல" என்றாள்.

"நாளைக்கு ரேஸுக்கு வருவியா?" என்றான்.

"தெரில. வந்தாலும் வருவேன். அவளுக்கு பின் டயர்ல கொஞ்சம் காத்து கொறைச்சி வை."

வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிட்டாள். சாய்தளம் தன் பின்னால் மடங்கி மூடுவதைக் கண்ணாடியில் பார்த்தாள். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே சாம்பல் வண்டி பிரச்சனை இல்லாமல் ஓடியது. உற்சாகமாக இல்லை. சொன்னதைக் கேட்டது. மூக்கில் இருந்த பாரம் முன்சக்கரத்தைச் சாலையில் அழுத்திப் பிடித்துக்கொள்ள, லேன் மாறும்போது சலனமே இல்லை. சென்னீர்குப்பம் திரும்பும் இடம் வந்தது. ஷெட்டுக்குப் போக வேலை இல்லை. வீட்டுக்குப் போனால் அம்மா சாப்பிடக் கூப்பிடுவார். தோள் வலிக்கவில்லை. டேங்க்கில் பெட்ரோல் இருந்தது. அவள் லீவரை இன்னும் கொஞ்சம் இழுத்தாள், திரும்பாமல் நேராகப் போனாள்.